சங்கடஹர சதுர்த்தி இன்றைக்கா, நாளைக்கா? நிலா உதயம் சொல்லும் பதில்

2024 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை. காலையில் கும்பகோணத்திலிருந்து சித்தி போன் செய்தார். வருஷக்கணக்காக மாதம் தவறாமல் சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர். அன்றைக்கு அவருக்கே குழப்பம்.

"ஏம்மா, காலண்டர் தாள்ல இன்னைக்குத் திருதியைன்னு போட்டிருக்கு. நாளைக்குத்தான் சதுர்த்தின்னு இருக்கு. ஆனா பிள்ளையார் கோவில்ல இன்னைக்கு சாயங்காலம் மகா சங்கடஹர சதுர்த்தி அபிஷேகம்னு எழுதி வச்சிருக்காங்க. நான் காபி குடிக்கலாமா, கூடாதா?"

கோவிலில் எழுதியிருந்ததுதான் சரி. காலண்டரிலும் தப்பு இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து யாரையும் கேட்காமல் நாமே நாள் பார்த்துக்கொள்ளலாம். அதற்குத் தேவை இரண்டே விஷயங்கள்: திதி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, நம் ஊரில் நிலா எப்போது உதிக்கிறது.

முதலில் திதி. பௌர்ணமிக்குப் பிறகு வரும் நான்காவது திதி தேய்பிறைச் சதுர்த்தி. அதில் பிள்ளையாரை வேண்டி இருக்கும் விரதம்தான் சங்கடஹர சதுர்த்தி. வடக்கே இதையே சங்கஷ்டி என்கிறார்கள். மாதம் ஒன்று என்று வருஷத்துக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வரும். ஆவணியில் விநாயகர் சதுர்த்திக்கு முன்பாக வருவதை மகா சங்கடஹர சதுர்த்தி என்கிறோம். சித்தி கேட்டது அந்த நாளைப் பற்றித்தான்.

'நான்காவது திதி' என்றதும் நம் மனசு 'நான்காவது நாள்' என்று எடுத்துக்கொள்கிறது. குழப்பம் பிறப்பதே அங்கேதான். திதி என்பது நாள் இல்லை. வானத்தில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணத்தை வைத்து அளப்பது. அமாவாசை முடியும் நொடியில் இரண்டும் ஒரே திசையில் இருக்கின்றன, கோணம் பூஜ்யம். அதன் பிறகு சந்திரன் நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை கிழக்கே நகர்கிறது. சூரியன் சுமார் 1 பாகை நகர்கிறது. ஆக, இரண்டுக்கும் இடையே தினம் ஏறக்குறைய 12 பாகை கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு 12 பாகையும் ஒரு திதி. 180 பாகை ஆகும்போது பௌர்ணமி முடிகிறது. அங்கிருந்து எண்ணினால் 192 வரை பிரதமை, 204 வரை துவிதியை, 216 வரை திருதியை. 216-லிருந்து 228 பாகை வரை தேய்பிறைச் சதுர்த்தி.

சந்திரன் 216 பாகையைத் தொடும் நொடிக்கும் நம் ஊரில் பொழுது விடிவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குத் தொடலாம், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தொடலாம், இரவு பதினொன்றுக்கும் தொடலாம். அதனால் ஏறக்குறைய எல்லாச் சதுர்த்தியுமே ஒரு நாளில் தொடங்கி மறுநாளில்தான் முடியும். அந்த இரண்டு நாளில் எது 'சதுர்த்தி நாள்' என்று முடிவு செய்ய ஒரு விதி வேண்டும்.

தினசரி காலண்டர் வைத்திருக்கும் விதி எளிமையானது. சூரியன் உதிக்கும்போது எந்தத் திதி நடக்கிறதோ, அதையே அந்த நாளுக்குப் பெயராகப் போடுவார்கள். பக்கத்தில் அது எத்தனை மணி வரை, பிறகு என்ன என்றும் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த ஆகஸ்ட் மாதத்தில் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சதுர்த்தி தொடங்கியது வியாழன் பிற்பகல் 1.46-க்கு. முடிந்தது வெள்ளி காலை 10.38-க்கு. வியாழன் காலை சூரியன் உதித்தபோது திருதியை நடந்துகொண்டிருந்தது, அதனால் அந்தத் தாளில் திருதியை. வெள்ளி காலை சூரியன் உதித்தபோது சதுர்த்தி, அதனால் அந்தத் தாளில் சதுர்த்தி. காலண்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

ஆனால் சங்கடஹர சதுர்த்தி சூரிய உதயத்தில் செய்யும் விரதம் இல்லையே. அந்த விரதம் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். காலையில் குளித்துவிட்டு உபவாசம் தொடங்குகிறோம். சாயங்காலம் கோவிலில் அபிஷேகம், அருகம்புல் மாலை. வீட்டில் கொழுக்கட்டையோ சுண்டலோ நைவேத்தியம். இத்தனைக்குப் பிறகும் விரதம் முடிந்துவிடவில்லை. இரவு நிலா உதித்த பிறகு அதைப் பார்த்து, சதுர்த்தித் திதிக்கும் கணபதிக்கும் சந்திரனுக்கும் அர்க்கியம் விட்டு, அதன் பிறகே சாப்பிட வேண்டும். சந்திரன் தன் அழகில் கர்வம் கொண்டு பிள்ளையாரைப் பார்த்துச் சிரித்து, சாபம் வாங்கி, பிறகு அவரையே வணங்கி மீண்டான் என்ற கதை நமக்கெல்லாம் தெரியும். அதனால்தான் சந்திரன் இந்தப் பூஜையில் ஓரமாக நிற்கும் ஆள் இல்லை. நிலா வந்தால்தான் பூஜையே நிறைவுபெறும்.

திதி பார்ப்பதில் நம் சாஸ்திரங்கள் வைத்திருக்கும் அடிப்படை இதுதான்: எந்த வேளையில் காரியம் செய்கிறோமோ, அந்த வேளையில் திதி இருக்க வேண்டும். இதைக் கர்ம காலம் என்பார்கள். சிவராத்திரிக்கு நடுநிசி. பிரதோஷத்துக்கு மாலை சந்தி வேளை. சங்கடஹர சதுர்த்திக்குக் கர்ம காலம் சந்திரோதயம், அதாவது நிலா உதிக்கும் வேளை. எந்த மாலையில் நிலா உதிக்கும்போது வானத்தில் சதுர்த்தி நடக்கிறதோ, அந்த மாலைதான் சங்கடஹர சதுர்த்தி. அன்று காலையில் திருதியை இருந்தாலும் கவலையில்லை.

சித்தியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். 2024 ஆகஸ்ட் 22 அன்று நம் பக்கங்களில் நிலா உதித்தது இரவு சுமார் 8.40-க்கு. சதுர்த்தி அன்று பிற்பகல் 1.46-க்கே வந்துவிட்டது. ஆக நிலா உதயத்தில் சதுர்த்தி இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை நிலா உதித்தது ஒன்பதேகாலுக்குப் பிறகு. அதற்குள் சதுர்த்தி முடிந்து ஏறக்குறைய பதினோரு மணி நேரம் ஆகி, பஞ்சமி நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தாளில் 'சதுர்த்தி' என்று கொட்டை எழுத்தில் இருந்ததைப் பார்த்து அன்று விரதம் இருந்தவர்கள், பஞ்சமி நிலாவுக்குத்தான் அர்க்கியம் விட்டிருப்பார்கள்.

"அப்ப இன்னைக்குத்தான்" என்றேன். "சரி, காபியை எடுத்து வச்சுடறேன்" என்றார் சித்தி.

அடுத்து அவர் கேட்டது இன்னும் நல்ல கேள்வி. "அப்படின்னா இன்னும் ரெண்டு வாரத்துல விநாயகர் சதுர்த்தி வருதே, அதுக்கும் இதே கணக்கா?" இல்லை. அந்த வருஷம் அதுவே அழகான எடுத்துக்காட்டாக அமைந்தது. வளர்பிறைச் சதுர்த்தி செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.01-க்குத் தொடங்கி, சனிக்கிழமை மாலை 5.37-க்கு முடிந்தது. வெள்ளி மாலையில் வானத்தில் சதுர்த்தி நிலா இருந்தது. ஆனால் நாம் பிள்ளையார் வாங்கி வந்து வைத்துக் கும்பிட்டது சனிக்கிழமை. விநாயகர் சதுர்த்திக்குக் கர்ம காலம் மத்தியானம். வெள்ளி மத்தியானம் திருதியை, சனி மத்தியானம் சதுர்த்தி. அன்றைக்கு நிலாவைப் பார்க்கவே கூடாது என்பது வேறு இருக்கிறது. ஒரே பிள்ளையார், ஒரே சதுர்த்தி, ஆனால் பூஜை நடக்கும் வேளை மாறுவதால் நாள் பார்க்கும் விதியும் மாறிவிடுகிறது.

இந்த இரண்டு சதுர்த்திகளின் நீளத்தையும் பாருங்கள். ஆகஸ்ட் மாதத்தது 20 மணி 52 நிமிடம். செப்டம்பர் மாதத்தது 26 மணி 36 நிமிடம். ஏறக்குறைய இரண்டு வார இடைவெளியில் ஒரு திதிக்கும் இன்னொரு திதிக்கும் கிட்டத்தட்ட ஆறு மணி நேர வித்தியாசம். காரணம், சந்திரன் பூமியைச் சரியான வட்டத்தில் சுற்றுவதில்லை. பூமிக்குப் பக்கத்தில் வரும்போது வேகமாக ஓடும், தொலைவில் போகும்போது மெதுவாக நடக்கும். அந்த வருஷம் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி அது பூமிக்குப் பக்கத்தில் இருந்தது, அதனால் 12 பாகையைச் சீக்கிரம் கடந்துவிட்டது. செப்டம்பர் 5-ஐ ஒட்டித் தொலைவில் இருந்தது, அதே 12 பாகைக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. 'போன மாசம் பௌர்ணமியிலிருந்து நாலாம் நாள் வந்தது, அதனால் இந்த மாசமும் அப்படித்தான்' என்று விரல்விட்டு எண்ணுவது பலிக்காமல் போவது இதனால்தான். ஒரு மாதம் பௌர்ணமிக்கு மூன்றாம் இரவிலேயே வந்துவிடும், இன்னொரு மாதம் நான்காம் இரவில் வரும்.

சரி, நிலா உதயத்துக்கு வருவோம். பௌர்ணமி அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலா கிழக்கே எழும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகிக்கொண்டே போகும். ஆகவே தேய்பிறைச் சதுர்த்தியில் நம் ஊர்களில் பெரும்பாலும் இரவு எட்டேகாலிலிருந்து பத்து மணிக்குள் நிலா உதிக்கும். ஆகஸ்ட் மாதத்தில் எட்டரையை ஒட்டி வந்தது, அதே வருஷம் ஜூன் 25-ஆம் தேதி சென்னையில் ஒன்பதே முக்காலைத் தாண்டித்தான் வந்தது. பசியோடு காத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேர வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இதிலிருந்து ஒரு சுருக்குவழி கிடைக்கிறது. சதுர்த்தி இரவு எட்டு மணிக்கு முன்பே தொடங்கி, அன்று இரவு பத்து மணிக்கு மேலும் நீடித்தால், நிலா உதய நேரத்தைத் தேடவே வேண்டாம். அந்த மாலைதான். பெரும்பாலான மாதங்கள் இப்படிச் சுலபமாகவே முடிந்துவிடும். சதுர்த்தியின் தொடக்கமோ முடிவோ எட்டிலிருந்து பத்துக்குள் வந்து விழும் மாதங்களில்தான் உட்கார்ந்து நிமிடம் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு மாதத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். சதுர்த்தி இரவு 9.05-க்குத் தொடங்குகிறது. சென்னையில் அன்று நிலா உதயம் 8.58. கோயம்புத்தூர் சென்னைக்கு மேற்கே இருப்பதால் அங்கே நிலா பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிந்தி, 9.10 வாக்கில் உதிக்கும். திதி தொடங்கும் நொடி இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், ஏனென்றால் அது சூரிய சந்திரர்களின் கோணம், ஊரைப் பார்த்து மாறாது. ஆனால் நிலா உதயம் ஊருக்கு ஊர் மாறும். கோயம்புத்தூரில் அந்த மாலையே நிலா உதயத்தில் சதுர்த்தி கிடைத்துவிடுகிறது. சென்னையில் ஏழு நிமிடத்தில் தவறிவிடுகிறது. அங்கே மறுநாள் நிலா உதயம் வரை சதுர்த்தி நீடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்காவும் தங்கையும் வேறு வேறு ஊரில் இருந்துகொண்டு, 'நீ நேத்தே இருந்துட்டியா?' என்று கேட்டுக்கொண்டால் யாரோ ஒருவர் தப்பு செய்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு நிலைமைகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு மாலையுமே நிலா உதயத்தில் சதுர்த்தி கிடைப்பது. மற்றது, இரண்டு மாலையிலுமே கிடைக்காமல் போவது.

ஒரு நிலா உதயத்திலிருந்து அடுத்த நிலா உதயத்துக்குச் சராசரியாக 24 மணி 50 நிமிடம். ஒரு திதியின் சராசரி நீளம் சுமார் 23 மணி 37 நிமிடம். திதி அந்த இடைவெளியைவிட நீளமாக இருந்தால் இரண்டு உதயத்தையும் அது தொட வாய்ப்பு உண்டு. உதாரணமாக, சனிக்கிழமை இரவு 8.30-க்குத் தொடங்கி, ஞாயிறு இரவு 10.40 வரை 26 மணி நேரத்துக்கு மேல் ஓடும் சதுர்த்தி. சனி நிலா உதயம் 8.50, ஞாயிறு நிலா உதயம் 9.40. இரண்டிலும் சதுர்த்தி இருக்கிறது. அப்போது முதல் மாலையை, அதாவது பகலில் திருதியை இருந்த சனிக்கிழமையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தர்மசிந்து போன்ற நிர்ணய நூல்கள் சொல்கின்றன. திருதியையோடு சேர்ந்து வரும் சதுர்த்தி பிள்ளையாருக்கு உகந்தது என்பது அதன் பின்னால் இருக்கும் எண்ணம். திருதியை அம்பிகைக்குரிய திதி, அம்மாவோடு சேர்ந்து வரும் பிள்ளை என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு இந்த விதி தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதாகவே இல்லாமல் போய்விடுகிறது.

இரண்டு மாலையிலும் கிடைக்காமல் போவதற்கு, திதி அந்த 24 மணி 50 நிமிடத்தைவிடக் குட்டையாக இருந்து, இரண்டு நிலா உதயங்களுக்கு நடுவிலேயே தொடங்கி முடிந்துவிட வேண்டும். திதியின் சராசரி நீளமே ஒன்றேகால் மணி நேரம் போலக் குறைவாக இருப்பதால், இது அவ்வப்போது நடக்கத்தான் செய்யும். மேலே சொன்ன அதே 2024 ஆகஸ்ட் சதுர்த்தியிலேயே நடந்தது. கும்பகோணத்தில் இல்லை, ஹவாய்த் தீவுகளில். அங்கே கடிகாரம் நமக்குப் பதினைந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். நமக்கு வியாழன் பிற்பகல் 1.46 என்பது ஹொனலூலுவில் புதன் இரவு 10.16. நமக்கு வெள்ளி காலை 10.38 என்பது அங்கே வியாழன் மாலை 7.08. அங்கே புதன்கிழமை நிலா உதித்தது சுமார் 8.40-க்கு, சதுர்த்தி இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை உதித்தது சுமார் 9.20-க்கு, சதுர்த்தி முடிந்துபோயிருந்தது. குட்டையான திதி, இரண்டு நிலாவுக்கு நடுவே வழுக்கிப் போய்விட்டது.

இப்படி ஆனால் இரண்டாவது மாலையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். விரதத்தை அந்த மாதம் விட்டுவிடச் சொல்வதில்லை. அந்த இரண்டாம் நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை சதுர்த்தி இருக்கிறது, உபவாசத்துக்கும் பூஜைக்கும் திதி கிடைக்கிறது. அர்க்கியத்துக்கு மட்டும்தான் தவறுகிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நம் ஊர்த் தேதியை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புவதில் உள்ள சிக்கலும் இதுதான். பல மாதங்களில் தேதி ஒத்துப்போகும். அந்த ஆகஸ்டில் சிங்கப்பூரிலும் லண்டனிலும் 22-ஆம் தேதியேதான். சில மாதங்களில் ஒரு நாள் முன்னே பின்னே போகும். திதியின் தொடக்கத்தையும் முடிவையும் அவர்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டு, அவர்கள் ஊர் நிலா உதயத்தை அதில் பொருத்திப் பார்க்க வேண்டும். நம் ஊர் நிலா உதய நேரத்தை மணி மாற்றி அனுப்பினால் சரியாக வராது. நிலா அவர்கள் அடிவானத்தில் எப்போது எழுகிறது என்பதே கணக்கு.

பஞ்சாங்கம் பார்த்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன உதவி. சில பஞ்சாங்கங்களில் திதி முடியும் நேரம் மணியில் இருக்காது, நாழிகையில் இருக்கும். சூரிய உதயத்திலிருந்து எண்ணும் நாழிகை அது. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாடி 24 செகண்ட். திருதியை 19-32 என்று போட்டிருந்தால் 19 நாழிகை 32 விநாடி. 19-ஐ 24-ஆல் பெருக்கினால் 456 நிமிடம், 32 விநாடிக்கு ஏறக்குறைய 13 நிமிடம், மொத்தம் 469 நிமிடம், அதாவது 7 மணி 49 நிமிடம். சூரிய உதயம் 5.57 என்றால் திருதியை முடிவது பிற்பகல் 1.46. அந்த நொடியில் சதுர்த்தி பிறக்கிறது. இந்த 19-32-ஐ இரவு ஏழரை மணி என்று படித்துவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இருபத்துநாலு மணிக் கடிகாரக் கணக்கு மனசில் இருப்பதால் வரும் தவறு. நேரத்துக்குப் பக்கத்தில் 'நா.வி.' என்று இருக்கிறதா, 'மணி' என்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரத்தில் சில மணி நேரம் வரைகூட வித்தியாசம் வரும். வாக்கியம் பழைய சூத்திரங்களின்படி கணிப்பது, திருக்கணிதம் கிரகங்களின் இன்றைய நிலையைத் திருத்தமாகக் கணிப்பது. திதி மாறும் நேரம் ராத்திரி எட்டு, ஒன்பதை ஒட்டி வரும் மாதத்தில் இந்த வித்தியாசமே நாளை மாற்றிவிடும். உங்கள் வீட்டிலும் நீங்கள் போகும் கோவிலிலும் எந்தப் பஞ்சாங்கமோ அதையே தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு மாதம் இரண்டு நாள் விரதம் இருப்பீர்கள், இன்னொரு மாதம் இரண்டையும் தவறவிடுவீர்கள்.

செவ்வாய்க்கிழமையில் வந்தால் அங்காரக சதுர்த்தி என்று தனி விசேஷம். அதிலும் இதே கணக்குத்தான். செவ்வாய் காலை தாளில் சதுர்த்தி என்று இருப்பது போதாது. செவ்வாய் மாலை நிலா உதயத்தில் சதுர்த்தி இருக்க வேண்டும். சதுர்த்தி திங்கள் மாலையே தொடங்கி, செவ்வாய் பிற்பகலில் முடிந்துவிட்டால், விரதம் திங்கட்கிழமை. அந்த மாதம் அங்காரக சதுர்த்தி இல்லை.

கோவில் அபிஷேகம் பற்றியும் பலருக்குச் சந்தேகம் வரும். பெரும்பாலான கோவில்களில் சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கே அபிஷேகம் தொடங்கிவிடும். சதுர்த்தி ஏழு மணிக்குத்தான் தொடங்குகிறது என்றால், திருதியையிலா அபிஷேகம் என்று மனசு சங்கடப்படும். விரதத்துக்கு நாள் குறிப்பது நிலா உதயம், அன்று நிலா உதிக்கும்போது சதுர்த்தி இருக்கிறது, அந்த மாலைப் பூஜை அந்த விரதத்தைச் சேர்ந்ததுதான். தைரியமாகப் போய்க் கும்பிடலாம்.

கடைசியாக, நிலா உதயம் 8.40 என்று போட்டிருந்தால் 8.40-க்கு மொட்டைமாடியில் நிலா தெரிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது நிலா அடிவானத்தைத் தொட்டு எழும் நேரம். கிழக்கே ஒரு அடுக்குமாடிக் கட்டடமோ தென்னந்தோப்போ இருந்தால், அதைத் தாண்டி மேலே வர அரை மணி நேரம்கூட ஆகும். நாளை முடிவு செய்வது கணக்கிட்ட உதய நேரம். அர்க்கியம் விடுவது நிலா கண்ணுக்குத் தெரிந்த பிறகு. இடையில் திதி முடிந்துபோனாலும் நாள் மாறிவிடாது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக்கொண்டு நிலா கடைசிவரை தெரியாமலே போகும் இரவுகளில், உதய நேரம் கடந்த பிறகு கிழக்கே பார்த்து அர்க்கியம் விட்டுச் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

நிலா தெரியும் இரவில் அதன் வடிவத்தையும் கொஞ்சம் பாருங்கள். பத்தில் எட்டு, ஒன்பது பங்கு வெளிச்சமாக இருக்கும், ஆனால் முழு வட்டமாக இருக்காது. அடிவானத்திலிருந்து எழும்போது மேல்விளிம்பு லேசாகத் தேய்ந்து, யாரோ விரலால் தடவி அழித்ததுபோல இருக்கும். அன்று வியாழன் இரவு ஒன்பது மணிக்கு மேல் சித்தி மறுபடி போன் செய்தார். "வந்துடுச்சும்மா. எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு மேல. தலைப்பக்கம் கொஞ்சம் வழிச்ச மாதிரி இருக்கு. சதுர்த்தி நிலாதான். நான் போய் கொழுக்கட்டை சாப்பிடறேன்."